‘மூன்று ரிவிஷன் முடிந்தது’ என்னும் கணக்கு

சி.ஏ. தேர்வுக்குப் படிக்கும் ஒருவரிடம் ‘ஆடிட் பாடம் எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்டால், விடையாக வருவது பெரும்பாலும் ஓர் எண். ‘இரண்டு ரிவிஷன் முடிந்தது, மூன்றாவது ஓடுகிறது.’ எது தெரியும், எது தெரியாது, எதை நேற்று எழுதிப் பார்த்துத் தவறினார் என்பதெல்லாம் அந்த விடையில் இல்லை. பக்கங்களின் மீது கண் எத்தனை முறை ஓடியது என்பது மட்டுமே இருக்கிறது. தணிக்கை படிப்பவர் இப்படிக் கணக்குச் சொல்வதில் ஒரு முரண் இருக்கிறது. நிர்வாகம் எழுதித் தரும் உறுதிமொழி மட்டுமே போதுமான தணிக்கைச் சான்றாகாது என்பது எஸ்.ஏ. 580 சொல்லும் பாடம். அந்தப் பாடத்தை மூன்று முறை படித்து முடித்த மாணவர், தம் நினைவைப் பற்றித் தாமே தரும் உறுதிமொழியை எந்தச் சான்றும் கேளாமல் ஏற்றுக்கொள்கிறார்.

இது தனி மனிதரின் சோம்பல் அன்று. ஒரு முழுப் பண்பாடு. பயிற்சி நிலையங்கள் விற்பது ரிவிஷன். பத்து மணி நேர ‘மாரத்தான்’ காணொளிகள் விற்பதும் ரிவிஷனே. இரண்டு தாள்களுக்கு இடையே கிடைக்கும் ஒன்றரை நாளில் முழுப் பாடத்தையும் புரட்டி முடிக்கும் ‘1.5 நாள்’ உத்தி ஒரு வீரக்கலை போலக் கற்பிக்கப்படுகிறது. அந்த ஒன்றரை நாளில் புரட்டி முடிக்க இயலுமா என்பதை வைத்தே, அதற்கு முந்தைய ஆறு மாதப் படிப்பும் வடிவமைக்கப்படுகிறது. குறிப்புகள் சுருங்குகின்றன, வண்ணங்கள் ஏறுகின்றன, அட்டவணைகள் சுவரில் ஒட்டப்படுகின்றன. தேர்வு முடிவு வந்து ஒரு குரூப் போனதும், ‘எனக்கு ஞாபகசக்தி குறைவு’ என்று இருபத்திரண்டு வயதில் ஒருவர் தம்மைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். பிழை அவரது நினைவாற்றலில் இல்லை; அவர் கையாண்ட முறையில் இருந்தது.

இந்த முறையின் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அமெரிக்க உளவியலாளர்களான ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, நினைவு ஆராய்ச்சி பயிலும் எவருக்கும் தெரிந்தது. அதில் ஒரு குழுவினர் ஒரு சிறு உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தனர். சராசரியாகப் பதினான்கு முறை படித்து முடித்தார்கள். இன்னொரு குழுவினர் முதல் அமர்வில் மட்டும் படித்தனர். மூன்று நான்கு முறைக்கு மேல் போகவில்லை. மீதி மூன்று அமர்வுகளிலும் உரையைப் பாராமல், நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர்: அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் எஞ்சியிருந்தது. பதினான்கு முறை படித்தவர்களிடம் 40தான். ஒரு வாரத்தில் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்களும் பதினான்கு முறை படித்தவர்களே.

ரிவிஷன் பண்பாடு ஏன் அழியாமல் நிற்கிறது என்பதற்கு அந்த ஐந்து நிமிடச் சோதனை விடை தருகிறது. திருப்பிப் படித்தல் உடனடியாக வேலை செய்கிறது. படித்து முடித்த மாலையில் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கிறது. அந்த மாலையளவில் அது உண்மையும்கூட. ஏமாற்றம் ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது; அப்போது மாணவர் வேறு பாடத்தில் இருப்பதால் அதைக் காண்பதில்லை. மீண்டும் அந்தப் பாடத்துக்கு வரும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வருகிறார். பார்த்ததை ‘ஆம், இது தெரிந்ததுதான்’ என்று அடையாளம் காண்பதும், பாராமல் வெறுந்தாளில் எழுப்புவதும் இருவேறு செயல்கள். தேர்வுக்கூடத்தில் கேட்கப்படுவது இரண்டாவது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும்: ஐ.சி.ஏ.ஐ. தானே ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், மாக் டெஸ்ட் பேப்பர் எல்லாம் வெளியிடுகிறதே, மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்களே என்பது. வெளியிடுகிறது, உண்மை. மாக் டெஸ்டின் வினாவும் விடையும் தனித்தனிக் கோப்புகளாகவே தரப்படுகின்றன. ஆனால் மாணவர் கையில் அவை என்ன ஆகின்றன? ஒரு திரையில் வினா, பக்கத்துத் திரையில் விடை. வினாவைப் படித்தவுடன் விடையைப் படித்து, ‘இதுதானே’ என்று தலையசைத்து, முக்கிய வரியை மஞ்சளாக்கி, அடுத்த வினாவுக்குச் செல்கிறார். பெயரிலேயே டெஸ்ட் என்ற சொல்லைத் தாங்கிய தாளும் இப்படிக் கதைப் புத்தகம் போல வாசிக்கப்படுகிறது. நாற்பது வினாக்களும் முடிந்தன என்று குறிப்பேட்டில் ஏறுகிறது; ஒரு வினாவுக்குக்கூட விடை எழுதப்படவில்லை.

‘ஏ.பி.சி. அனாலிசிஸ்’ என்ற இன்னொரு வழக்கமும் இருக்கிறது. தேர்வில் வர வாய்ப்பு மிகுந்தவை ஏ, நடுத்தரம் பி, குறைந்தவை சி என்று ஆசிரியர் பிரித்துத் தருகிறார். நேரம் குறையும்போது மாணவர் ஏ மட்டும் படிக்கிறார். இப்பிரிவினை தேர்வாளரின் மனத்தைப் பற்றிய ஊகம். மாணவரின் மனத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரே ஏ வினாவில் ஒருவர் ஐந்து முறை சரியாக எழுதியதும் இருக்கும், ஐந்து முறை தவறியதும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரம் ஒதுக்கப்படுகிறது. தன் மறதியின் வரைபடம் இல்லாதவருக்கு வேறொருவரின் ஊகமே வழிகாட்டியாகிறது.

மாற்று என்னவென்பதை ஒரு சூழலில் வைத்துப் பார்ப்பதே பயனுள்ளது. புனேயில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் ஆர்டிகிள் பயிற்சியில் இருக்கும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளலாம். காலை பத்து முதல் இரவு ஏழு வரை அலுவலகம். தேர்வுக்கு 120 நாள். ஆடிட் பாடத்துக்கு அவரால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம்தான் தர முடியும். எடுத்துக்கொண்டிருப்பது தணிக்கையாளரின் அறிக்கை பற்றிய பகுதி: எஸ்.ஏ. 705, 706, 570. ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை போன்ற இந்த மூன்றிலும்தான் திருப்பிப் படித்தவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

அவர் முதலில் செய்யக்கூடாதது, ‘எஸ்.ஏ. 705 எதைப் பற்றியது?’ என்று ஓர் அட்டை எழுதுவது. எண்ணுக்கு எதிரே தலைப்பு. இதைச் சரியாகச் சொல்வது எளிது, தேர்வில் இதற்குத் தனி மதிப்பெண் இல்லை. அடுத்து செய்யக்கூடாதது, தரநிலையின் முழுப் பத்தியையும் அட்டையின் பின்புறம் ஒட்டுவது. அதை யாராலும் முழுமையாகச் சொல்ல முடியாது. பாதி சொன்னதும் ‘சரிதான்’ என்று மன்னித்துக்கொள்ளத் தோன்றும். அட்டை ஒரு சூழலைத் தர வேண்டும். விடை ஒரு முடிவும் அதன் காரணமும் ஆக இருக்க வேண்டும்.

ஆகவே அவர் முதல் வினாவை இப்படி எழுதுகிறார். ஆண்டிறுதியில் கையிருப்பு எண்ணப்பட்டபோது தணிக்கையாளர் உடனிருக்க இயலவில்லை. மாற்று வழிகளிலும் போதிய சான்று கிடைக்கவில்லை. தொகை பெரியது, ஆனால் பாதிப்பு அந்த ஓர் இனத்தோடு நிற்கிறது. என்ன கருத்து? விடை: குவாலிஃபைடு ஒப்பீனியன். சான்று கிடைக்கவில்லை, தொகை முக்கியமானது, ஆனால் பரவலானது அன்று.

இரண்டாவது வினாவில் அவர் ஒரே ஒரு செய்தியை மட்டும் மாற்றுகிறார். பாதிப்பு ஓர் இனத்தோடு நிற்கவில்லை, நிதிநிலை அறிக்கை முழுவதிலும் பரவுகிறது. இப்போது விடை டிஸ்கிளெய்மர்: தணிக்கையாளர் கருத்தே சொல்வதில்லை. மூன்றாவதில் இன்னொரு மாற்றம். சான்று கிடைத்துவிட்டது, அது அறிக்கை தவறு என்று காட்டுகிறது, நிர்வாகம் திருத்த மறுக்கிறது, பாதிப்பு பரவலானது. விடை அட்வர்ஸ் ஒப்பீனியன். தெரியாமல் இருப்பதற்கும் தவறென்று தெரிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடே டிஸ்கிளெய்மருக்கும் அட்வர்சுக்கும் உள்ள வேறுபாடு. திருப்பிப் படிக்கும்போது கண் இதன்மேல் வழுக்கிச் செல்லும். இரண்டாவது, மூன்றாவது வினாக்களை அடுத்தடுத்து எழுதித் தவறியவருக்கு அது தழும்பு போல நிற்கும்.

நான்காவது: நிறுவனத்தின் மீது பெரிய வழக்கொன்று நிலுவையில் இருக்கிறது, முடிவு தெரியாது, நிறுவனம் அதைக் குறிப்புகளில் முறையாக வெளியிட்டிருக்கிறது, பயனருக்கு அது அடிப்படையான செய்தி என்று தணிக்கையாளர் கருதுகிறார். இங்கே கருத்து மாறாது. எஸ்.ஏ. 706இன்படி எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் பத்தி சேரும். ஐந்தாவது: நிலையின்மை ஒரு வழக்கைப் பற்றியதன்று, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதே ஐயம், அதுவும் முறையாக வெளியிடப்பட்டிருக்கிறது. இங்கேயும் கருத்து மாறாது. ஆனால் எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் என்று எழுதினால் தவறு; திருத்தப்பட்ட எஸ்.ஏ. 570 கோயிங் கன்சர்ன் தொடர்பான முக்கிய நிலையின்மைக்கென்று தனித் தலைப்பிட்ட பகுதியைக் கேட்கிறது. வெளியீடு போதாது எனில் குவாலிஃபைடு அல்லது அட்வர்ஸ். தொடர்ந்து இயங்கும் என்ற அடிப்படையே பொருந்தாத நிலையிலும் அதன்படியே அறிக்கை தயாரிக்கப்பட்டிருந்தால் அட்வர்ஸ்.

இந்த வினாக்களை எழுதுவதற்கு ஒரு மாலை முழுவதும் ஆகிறது. ரிவிஷன்காரர் அதே மாலையில் அறுபது பக்கம் புரட்டியிருப்பார். இந்த ஒப்பீட்டில்தான் பெரும்பாலோர் இம்முறையைக் கைவிடுகின்றனர். ஆனால் வினாவை உருவாக்கும் வேலையே படிப்பின் கடினமான பகுதி. எந்தச் செய்தி மாறினால் விடை மாறும் என்பதை அறியாமல் இந்த ஐந்தையும் எழுத முடியாது.

மறுநாள் அவர் வினாவை மட்டும் பார்த்து, விடையை ஒரு வரியில் தாளில் எழுதுகிறார். மனத்தில் சொல்லிக்கொள்வது போதாது. மனத்துக்குள் சொன்ன விடை, அட்டையைத் திருப்பியவுடன் அங்குள்ள விடையைப் போலவே தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. முதல் மூன்றும் சரி. நான்காவது சரி. ஐந்தாவதில் எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர் என்று எழுதியிருக்கிறார், தவறு. காரணத்தைப் படித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் மீண்டும் நாளைக்கு வைக்கிறார். சரியான நான்கும் மூன்று நாள் தள்ளிப் போகின்றன. அப்போதும் சரியெனில் எட்டு நாள், பிறகு இருபது, பிறகு நாற்பத்தைந்து. எந்த நிலையில் தவறினாலும் அந்த வினா மீண்டும் ஒரு நாள் இடைவெளிக்குத் திரும்பும்.

1, 3, 8, 20, 45 என்னும் இந்த வரிசைக்கு மந்திர ஆற்றல் எதுவும் இல்லை. 8 நாள் 10 ஆனாலும் 12 ஆனாலும் வானம் இடியாது. அதன் பின்னுள்ள கருத்து மட்டும் உறுதியானது. நிக்கோலஸ் செபெடாவும் சகாக்களும் 1,350க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், எவ்வளவு காலம் நினைவில் வைக்க வேண்டுமோ அதைப் பொறுத்தே சிறந்த இடைவெளி அமைந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதனை எனில் அக்காலத்தின் 20 முதல் 40 சதவீதம். ஓராண்டு கழித்தெனில் 5 முதல் 10 சதவீதம். நான்கு மாதத் தொலைவில் உள்ள தேர்வுக்கு ஒரே நாளில் மூன்று முறை பார்ப்பது வீண் என்பதும், ஒரு முறை படித்துவிட்டு நான்காம் மாதத்தில் திறப்பதும் வீண் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை அறிவு.

சுமையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு ஆறு புதிய வினாக்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை திரும்ப வரும். முதல் வாரத்தில் திரும்பி வருபவை நாளுக்குப் பன்னிரண்டைத் தாண்டுவது அரிது. எல்லாப் படிகளும் நிரம்பும்போது முப்பது. தவறித் திரும்புபவற்றையும் சேர்த்தால் நாற்பதுக்குள். வினாவுக்கு ஒரு நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். ஒன்றரை மணி நேரத்தில் எஞ்சும் ஐம்பது நிமிடம் புதிய பகுதியைப் படிக்கவும் வினா எழுதவும் ஆகும். எண்பதாம் நாளில் புதிய வினா எழுதுவதை நிறுத்தினால் 480 வினாக்கள் சேர்ந்திருக்கும். கடைசி நாற்பது நாள் திரும்பி வருபவற்றுக்கும் முழு நீள விடை எழுதவும் விடப்படும். நாளுக்கு ஆறு என்பதற்குப் பதிலாக உற்சாகத்தில் முப்பது எழுதியவர், இரண்டே மாதத்தில் நாளொன்றுக்கு நூற்றைம்பது வினா தம்மைத் துரத்துவதைக் காண்பார். பிறகு முறையையே பழிப்பார்.

முறையைப் பழிப்பவர்களைவிட அதை வழிபடுபவர்கள் செய்யும் கேடும் சிறிதன்று. ஆன்கி என்னும் இலவச மென்பொருளைச் சுற்றி ஒரு புதிய பக்தி இயக்கம் வளர்ந்திருக்கிறது. யாரோ எழுதிய இரண்டாயிரம் அட்டைத் தொகுப்பைத் தரவிறக்கி, நாள்தோறும் எத்தனை அட்டை, தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று படம் எடுத்துப் பகிர்கிறார்கள். மூன்று ரிவிஷன் என்ற எண் போய் முந்நூறு நாள் என்ற எண் வந்திருக்கிறது. கணக்கின் வகை மாறவில்லை. பிறர் எழுதிய அட்டையில் வினாவை உருவாக்கும் உழைப்பு இல்லை. சில வாரங்களில், அட்டையின் முதல் இரண்டு சொல்லைக் கண்டதும் விடை வந்துவிடுகிறது. சூழலை வாசிப்பதே நின்றுபோகிறது. அதே சூழலைப் பெயர் மாற்றித் தேர்வுத் தாளில் கண்டால் அடையாளம் தெரிவதில்லை.

அந்த மென்பொருளில் அதிகம் நிகழும் பிழை ஒன்று மிகச் சாதாரணமானது. விடையைப் பார்த்தபின் Again, Hard, Good, Easy என்று நான்கு பொத்தான்கள் வரும். மறந்துபோனவர் Again அழுத்த மனம் வராமல் Hard அழுத்துகிறார். மென்பொருளுக்கு Hard என்பது ‘கடினமாக இருந்தது, ஆனால் நினைவு வந்தது’ என்று பொருள். ஆகவே அட்டை தேர்ச்சி பெற்றதாகவே நடத்தப்படும், அடுத்த முறை நாட்கள் தள்ளியே வரும். இப்படி இரண்டு மாதம் தன்மேல் இரக்கம் காட்டியவரின் புள்ளிவிவரம் அழகாக இருக்கும். நினைவு வெறுமையாக இருக்கும். இன்னொன்று, இம்மென்பொருளுக்கு இயல்பாகத் தேர்வு நாள் தெரியாது. அது பல்லாண்டு நினைவுக்காகக் கட்டப்பட்டது. Maximum interval என்னும் அமைப்பைத் தேர்வுக்கு எஞ்சிய காலத்துக்கு ஏற்பக் குறைத்து வைக்காவிட்டால், தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து வருவதற்கென அது சில அட்டைகளைப் பத்திரமாக ஒதுக்கி வைக்கும். இதெல்லாம் தொல்லை என்பவர்க்கு ஐந்து உறைகளும் வெட்டிய அட்டைகளும் போதும். ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய பெட்டி முறை அதுவே: சரியானது அடுத்த பெட்டிக்கு, தவறியது முதல் பெட்டிக்கு.

முறை சரியாகப் போகிறதா என்பதை அறிய ஒரே ஓர் அளவு போதும்: நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் வினாக்களில் முதல் முயற்சியிலேயே சரியாவது எத்தனை? பத்துக்கு எட்டு ஒன்பது எனில் நன்று. பத்துக்குப் பத்தும் சரியெனில் வினாக்கள் மிக எளியவை, அல்லது மிக அடிக்கடி வருகின்றன. ஐந்தாறுதான் எனில், அந்தப் பகுதி முதலிலேயே புரியவில்லை என்று பொருள். இடைவெளியைக் குறைத்துப் பயனில்லை, பாடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரே வினா மீண்டும் மீண்டும் தவறினால், அதனோடு குழம்பும் இன்னொரு வினா எங்கோ இருக்கிறது. மேலே சொன்ன நான்காவதும் ஐந்தாவதும் அப்படிப்பட்டவை. அவற்றைத் தனித்தனியே நூறு முறை கேட்பதைவிட, ‘இவ்விரு சூழலிலும் அறிக்கையில் என்ன வேறுபாடு, ஏன்?’ என்ற ஆறாவது வினா ஒன்றை எழுதுவது தீர்வு.

பல்கலைக்கழக அவையினரிடமிருந்து வரும் எதிர்ப்பு வேறு வகையானது. ‘இது மனப்பாடத்துக்கு அறிவியல் முலாம் பூசும் வேலை, புரிதலைக் கொன்று தேர்வைத் துதிப்பது’ என்கிறார்கள். இந்தியக் கல்வியில் மனப்பாடம் செய்த கேட்டை அறிந்தவர்கள் சொல்வதால் இதை எளிதாக ஒதுக்க முடியாது. ஆனால் இந்த எதிர்ப்பு தன் எதிரியைத் தவறாக அடையாளம் காண்கிறது. புரிதலற்ற மனப்பாடத்தின் கருவி திருப்பிப் படித்தலே. வரிவரியாக ஓதி ஒப்பிப்பதன் இன்றைய வடிவம் அது. மேற்கண்ட ஐந்து வினாக்களில் ஓதுவதற்கு எதுவும் இல்லை. ஆண்ட்ரூ பட்லர் 2010இல் வெளியிட்ட சோதனைகளில், திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டவர்கள், திரும்பப் படித்தவர்களைவிட, கற்றதைப் புதிய சூழல்களுக்குப் பொருத்துவதிலும் முன்னின்றனர். மேலும், ஒரு நிறுவனத்தின் கணக்கறையில் அமர்ந்திருக்கும் தணிக்கையாளருக்கு எஸ்.ஏ. 570 நினைவில் இல்லையெனில் அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதமும் முழு உண்மையன்று. திறந்து பார்க்க வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தோன்ற வேண்டுமே. கடன் தவணை தவறிய ஒரு கடிதத்தைக் கண்டவுடன் கோயிங் கன்சர்ன் ஐயம் எழுவது, நினைவில் இருப்பதால்தான்.

எனினும் இம்முறையின் எல்லையை மறைப்பது நேர்மையாகாது. ஒருங்கிணைந்த நிதிநிலைக் கணக்கு, டெரிவேட்டிவ் கணக்குகள் போன்றவற்றை அட்டையில் துண்டாக்க முடியாது. பல படிகள் ஒன்றையொன்று சார்ந்த கணக்கில் தொடக்க நிலை மாணவருக்கு, தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டை நிதானமாகப் பின்தொடர்வதே முதலில் தேவை. சிக்கல் மிகுந்த பாடங்களில் சுயசோதனையின் பயன் குறைகிறதா என்பது பற்றி ஆய்வாளர்களிடையே 2015இல் வெளிப்படையான விவாதமே நடந்தது. அங்கும் இடைவெளி விடுதல் பயன்படும். ஆனால் திரும்ப வர வேண்டியது அட்டை அன்று, முழுக் கணக்கு. அதேபோல, நூற்றுக்கு எழுபது மதிப்பெண் விரித்தெழுதும் விடைக்கு உள்ள தேர்வில், ஒரு வரி விடைகளிலேயே பழகியவர் மூன்று மணி நேரத் தாளில் கை தளர்ந்து நிற்பார். கடைசி நாற்பது நாளில் மாக் டெஸ்டைக் கடிகாரம் வைத்து, விடைக் கோப்பைத் திறக்காமல், முழுதாக எழுதுவதற்கு வேறு மாற்றில்லை. சட்டமும் தரநிலைகளும் மாறுவதால், எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் தமது தேர்வுக்குப் பொருந்தும் என்ற அறிவிப்பைப் பார்த்து வினாக்களையும் திருத்த வேண்டும். பழைய விடையை ஐந்து முறை சரியாக எழுதிப் பழகியவரின் நிலை, எதையும் படிக்காதவரின் நிலையைவிட மோசம்.

ஒவ்வொரு தாளிலும் குறைந்தது நாற்பது, குரூப் முழுவதிலும் ஐம்பது சதவீதம் என்பது தேர்ச்சி விதி. முப்பத்தெட்டில் ஒரு தாள் நின்றால் மற்ற இரண்டு தாள்களில் எடுத்ததும், அறுபது எடுத்த தாளாக இருந்தாலொழிய, அந்தக் குரூப்போடு போய்விடும். எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டரா தனிப் பகுதியா என்ற ஒரு வினாவின் மதிப்பு அப்போதுதான் தெரியும்.

புனே மாணவியின் கடைசி ஒன்றரை நாள் இப்படித்தான் இருக்கும். 480 வினாக்களில் முந்தைய இரண்டு முயற்சிகளில் ஏதேனும் ஒன்றில் தவறியவை ஏறத்தாழ அறுபது. அவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறார். பகலில் ஒரு முறை எழுதுகிறார். இருபது மீண்டும் தவறுகின்றன. மாலையில் அந்த இருபது, ஏழு தவறுகின்றன. காலையில் கிளம்பும் முன் அந்த ஏழு. சுவரில் அட்டவணை எதுவும் ஒட்டப்படவில்லை. இது எத்தனையாவது ரிவிஷன் என்று வழியில் தோழி கேட்டால், அவரிடம் சொல்வதற்கு எண் இல்லை. எந்த ஏழு வினாக்கள் என்று சொல்ல முடியும்.